காதில் விழாத ஓர் எழுத்து

வானொலியில் வேலை பார்ப்பவர்களுக்குக் காதுதான் மூலதனம். ஒரு சொல்லை யாராவது பிசகாக உச்சரித்தால், எதிரில் இருப்பவர் என்ன பேசுகிறார் என்பதைக்கூட மறந்துவிட்டு அந்தப் பிசகிலேயே மனம் நின்றுவிடும். மாலை நேர வகுப்பில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கியபோதும் நான் நம்பிப் போனது என் காதைத்தான். ஆனால் அந்த மொழியில் காது உதவாத ஓர் இடம் இருக்கிறது.

‘எழுந்தான்’, ‘எழுந்தாள்’ என்று தமிழில் சொன்னவுடனே எழுந்தது ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும். வினைச்சொல்லின் வாலிலேயே அது ஒட்டியிருக்கிறது. பிரெஞ்சில் எழுந்திருப்பதற்கு ‘ஸ லவே’ என்று பெயர். ‘லவே’ என்றால் தூக்குவது, உயர்த்துவது. முன்னால் ‘ஸ’ சேர்ந்தால், தன்னைத்தானே தூக்கிக்கொள்வது, அதாவது எழுந்திருப்பது. இறந்தகாலத்தில் அவன் எழுந்தால் ‘இல் ஸே லவே’. அவள் எழுந்தால் ‘எல் ஸே லவே’. பெண்கள் பலர் எழுந்தால் ‘எல் ஸ சோன் லவே’. மூன்றிலும் ‘லவே’ ஒரே மாதிரிதான் ஒலிக்கிறது. எழுதும்போதுதான் வேறுபாடு. அவனுக்கு எழுதும் ‘லவே’யோடு அவளுக்குக் கடைசியில் கூடுதலாக ஒரு ‘ஈ’ எழுத்து சேர வேண்டும். பெண்கள் பலர் என்றால் அந்த ‘ஈ’க்குப் பின்னால் ஓர் ‘எஸ்’ஸும் வர வேண்டும். இரண்டுமே வாயில் வராது, காதில் விழாது.

இது எனக்குத் தேவைப்பட்டது வகுப்பில் அல்ல, வீட்டு விஷயத்தில். என் அக்கா பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறாள். அத்தானின் குடும்பம் பாண்டிச்சேரியிலிருந்து அங்கே போய்க் குடியேறியது. அவர்களுடைய மகளுக்கு 14 வயது. போன வருடம் அம்மா அங்கே போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். அவர் ஊர் திரும்பிய பிறகு, பாட்டியின் காலைப் பொழுதைப் பற்றி அவள் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதினாள். திருத்தி வந்த தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பியிருந்தாள். நான்கு வரியில் நான்கு சிவப்பு வட்டம்.

“சித்தி, நான் பேசுனா ஒருத்தரும் தப்புன்னு சொல்றதில்ல. எழுதுனா மட்டும் தப்பாம். ஒரு எடத்துல ‘ஈ’ போடலைங்கிறாங்க, இன்னொரு எடத்துல ஏன் போட்டேங்கிறாங்க. ரெண்டுமே பாட்டிதான? பாட்டி பொம்பளதான?”

நியாயமான கேள்வி. அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மொழியைக் காதால்தான் தெரியும். கேட்காத எழுத்தை அவள் எங்கிருந்து பிடிப்பாள்? பாட்டியைப் பற்றி முதன்முதலாக எழுதிய கட்டுரை சிவப்பாகத் திரும்பியதில் அவளுக்கு வருத்தம் வேறு. அதை எனக்குத் திரும்ப அனுப்ப வேண்டும், அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அதனால் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த நான்கு வரியையும் பார்த்தோம்.

முதல் வரி: பாட்டி அதிகாலையில் எழுந்தார். ‘ஸ லவே’. இரண்டாவது: பாட்டி கைகளைக் கழுவிக்கொண்டார். ‘எல் ஸே லாவே லே மேன்’. இங்கே ‘லாவே’ என்றால் கழுவுவது. முதல் வரியில் அவள் ‘ஈ’யை விட்டிருந்தாள், இரண்டாவதில் போட்டிருந்தாள். இருக்க வேண்டியது நேர்மாறாக.

காரணம் அந்தச் சின்ன ‘ஸ’வில் ஒளிந்திருக்கிறது. அது இரண்டு வேலை பார்க்கும் சொல். சில வாக்கியங்களில் அதற்குத் ‘தன்னை’ என்று பொருள், சில வாக்கியங்களில் ‘தனக்கு’ என்று பொருள். உருவம் மட்டும் ஒன்றுதான். தமிழில் இந்த இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஐ உருபு வேறு, கு உருபு வேறு. பிரெஞ்சுக்காரர்கள் அந்த உருபை ‘ஸ’வுக்குள் மறைத்துவிட்டு, ‘இதில் எது என்று நீயே கண்டுபிடி’ என்று எழுதுபவரிடம் விட்டுவிடுகிறார்கள். ‘தன்னை’ என்றால் ‘ஈ’ சேரும். ‘தனக்கு’ என்றால் சேராது.

பாட்டி எழுந்தபோது எதைத் தூக்கினார்? தன்னை. ஆகவே ‘ஈ’ வேண்டும். கழுவியபோது எதைக் கழுவினார்? கைகளை. ‘ஐ’ இடத்தைக் கைகள் பிடித்துக்கொண்டன. மிச்சமிருக்கும் ‘ஸ’ வெறும் ‘தனக்கு’தான். ஆகவே ‘ஈ’ வேண்டாம். பாட்டி குளித்தார் என்று மட்டும் எழுதியிருந்தால், கழுவப்பட்டது பாட்டியேதான். அப்போது அதே ‘லாவே’க்கு ‘ஈ’ வந்திருக்கும். பாட்டி பெண் என்பது இரண்டிலும் உண்மை. ஆனால் விதி கேட்பது பாட்டி யார் என்பதை அல்ல, வாக்கியத்தில் ‘ஸ’ என்ன வேலை பார்க்கிறது என்பதை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ‘பாட்டி கழுவிக்கொண்ட கைகள்’ என்று மாற்றி எழுதினால், பிரெஞ்சில் ‘கைகள்’ என்ற சொல் வினைக்கு முன்னால் வந்து நிற்கும். அப்படி முன்னால் வந்துவிட்டால் வினை அந்தக் கைகளோடு இயைய வேண்டும். பிரெஞ்சில் கை பெண்பால், இங்கே பன்மை. ஆகவே ‘ஈ’, ‘எஸ்’ இரண்டும் வரும். பாட்டிக்காக அல்ல, கைகளுக்காக. ஐ உருபு ஏற்கும் பொருள் முன்னால் வந்தால் இயைபு, பின்னால் வந்தால் இல்லை. 16ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கிளெமான் மரோ இந்தப் பாடத்தைத் தன் மாணவர்களுக்குச் செய்யுளாகவே எழுதி வைத்தார். அவர் முன்மாதிரியாகக் காட்டியது இத்தாலிய மொழியை.

மூன்றாவது வரி: பாட்டியும் ஈப்போவில் இருக்கும் பெரிய பாட்டியும் போனில் பேசிக்கொண்டார்கள். ‘எல் ஸ சோன் தெலெஃபொனே’. இருவரும் பெண்கள் என்பதால் அவள் ‘ஈ’யும் ‘எஸ்’ஸும் தாராளமாகப் போட்டிருந்தாள். தமிழில் ‘அக்காவுக்குப் போன் போட்டார்’ என்கிறோம். கு உருபு. பிரெஞ்சிலும் அப்படித்தான். ஆகவே ஒன்றும் சேராது.

இதைக் கேட்டதும் அவளுக்கு உற்சாகம். அப்படியானால் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிப் பார்த்தால் போதுமா என்றாள். அங்கேதான் கவனம் வேண்டும். இருவரும் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் ‘அவளுக்கு உதவினார்’, கு உருபு. பிரெஞ்சில் உதவுவதற்கான ‘எதே’ என்ற வினையோ ஐ உருபைக் கேட்பது. ஆகவே ‘ஈ’யும் ‘எஸ்’ஸும் வரும். தமிழ் வழிகாட்டும், ஆனால் தீர்ப்பு பிரெஞ்சு வினையிடம்தான் இருக்கிறது. அதற்கு ஒரு சோதனை உண்டு. ‘ஸ’வை எடுத்துவிட்டு, அதே வினையை வேறொரு பெண்ணின் மேல் செலுத்திச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘அவளை’ என்பதற்கு ‘லா’, ‘அவளுக்கு’ என்பதற்கு ‘லுய்’. இந்த இரண்டும் ஒலியிலேயே வேறு. வாயில் ‘லா’ வந்தால் ‘தன்னை’, ‘லுய்’ வந்தால் ‘தனக்கு’. அங்கே பிறந்த பிள்ளைக்கு இதில் யோசிக்கவே வேண்டியதில்லை. சரியானது தானாக நாக்கில் வந்துவிடும். காது கைவிட்ட இடத்தில், அதே காதை வேறு வழியாக உள்ளே அழைத்து வருவது போல.

நான்காவது வரி: பாட்டிக்குத் தன் அக்காவின் நினைவு வந்தது. அவள் எழுதியிருந்தது ‘ஸ சூவனிர்’. பயணம் போனால் வாங்கி வரும் நினைவுப் பொருளுக்கு நாம் சொல்லும் அதே சுவனீர்தான். இங்கே சோதனை வேலை செய்யாது. ‘சூவனிர்’ வினையை ‘ஸ’ இல்லாமல் இன்னொருத்தி மேல் செலுத்தவே முடியாது. ‘தன்னை’யா ‘தனக்கு’வா என்ற கேள்விக்கே இடமில்லை. இப்படி ‘ஸ’ பிரிக்க முடியாமல் ஒட்டிப்போன வினைகளில் எழுவாயைப் பார்த்தால் போதும். பாட்டி பெண், ஆகவே ‘ஈ’. பழைய பிரெஞ்சில் இதே வினையை ‘எனக்கு நினைவு வருகிறது’ என்று நாம் சொல்வதைப் போலவே சொல்லியிருக்கிறார்கள். நினைப்பவர் எழுவாய் அல்ல, நினைவு அவரிடம் வரும். அந்தச் சொல்லின் லத்தீன் வேரிலும் ‘வருதல்’ இருக்கிறது. பிற்காலத்தில்தான் நினைப்பவர் எழுவாயாகி, ‘ஸ’ ஒட்டிக்கொண்டது.

நினைவுக்கு இன்னொரு வினையும் இருக்கிறது, ‘ஸ ரப்லே’. பொருள் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இதில் சோதனை நடக்கும். இன்னொருத்திக்கு ஒன்றை நினைவூட்டலாம், ‘லுய்’ வரும். ஆகவே பாட்டி தன் சிறுவயதை நினைவுகூர்ந்தார் என்று இந்த வினையில் எழுதினால் ‘ஈ’ கிடையாது. ஒரே நினைவு, ஒரே பாட்டி, வினை மாறினால் எழுத்தும் மாறுகிறது.

இவ்வளவும் மௌன எழுத்துக்காகவா என்று கேட்கலாம். எப்போதும் மௌனம் இல்லை. மெய்யெழுத்தில் முடியும் சில வினைகளில் அந்த ‘ஈ’ வந்தால் அந்த மெய் ஒலிக்கத் தொடங்கும். அவள் சிரிக்கத் தொடங்கினாள் என்பதற்கு ‘எல் ஸே மீஸ்’. அவன் என்றால் வெறும் ‘மீ’. துணிந்து ஒரு கேள்வி கேட்டாள் என்று சொல்ல ‘எல் ஸே பெர்மி’ என்பார்கள். தனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டாள் என்று பொருள். ‘லுய்’ வகை, ஆகவே ‘ஈ’ இல்லை. பிரெஞ்சுக்காரர்களே இதைப் ‘பெர்மீஸ்’ என்று சொல்வதைப் பேச்சில் அடிக்கடி கேட்கலாம். பிரெஞ்சு வானொலியைக் கேட்கும்போது என் காது இப்போது காத்திருப்பது அந்த ஒரு ‘ஸ்’ஸுக்காகத்தான்.

கட்டுரையைத் திருத்தி எழுதி அனுப்பிவிட்டாள். இரண்டு இடத்தில் ‘ஈ’ சேர்ந்தது, இரண்டு இடத்தில் போனது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கைகளைக் கழுவிக்கொண்ட வரியில், “அது குளிர் தண்ணீ, அதையும் எழுதச் சொல்லு” என்றார்.