கையில் வென்ஃப்ளான், கண்ணில் டெட்லைன்!

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை மாலை. டெங்கு. ஞாயிறு முதல் நான்கு நாள் மருத்துவமனை. வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு தொடரை முடித்துக் கொடுத்திருக்க வேண்டும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளைப் பற்றிய ஐந்து பாகங்கள். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கென்று தனியாகக் கொடுக்கப்பட்ட முதல் தொடர் அது.

அன்றிரவே மொபைலில் எங்கள் டெஸ்க் தலைவருக்கு மெயில் எழுதினேன். காய்ச்சல் எப்போது தொடங்கியது, தட்டணு எண்ணிக்கை எந்த நாளில் எவ்வளவு இருந்தது, அம்மா எப்படி அழுதார், நான் எவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று எல்லாம் இருந்தது. ஊசி குத்திய கையின் போட்டோவையும் இணைத்திருந்தேன். கடைசி வரியில்தான், ‘இன்னும் சில நாள் அவகாசம் கிடைத்தால் நன்றாக இருக்கும்’ என்று கேட்டிருந்தேன்.

அனுப்பும் முன் சீனியர் அக்கா ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் காட்டினேன். உடனே போன் வந்தது. “ஏம்மா, இதைப் படிச்சா அவருக்கு உன்மேல பரிதாபம் வரும். ஆனா திங்கட்கிழமை என்ன பப்ளிஷ் பண்றதுன்னு தெரியுமா? ‘சில நாள்’னா எத்தனை நாள்?”

என்னிடம் பதில் இல்லை. அவரே கணக்குப் போட வைத்தார். மூன்று பாகங்கள் தயார். நான்காவது பாதி முடிந்திருக்கிறது. ஐந்தாவதைத் தொடவே இல்லை. ஒரு பாகம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகும் என்றால், மீதி மூன்று நாள் வேலை. டாக்டர் சனிக்கிழமை வரை ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். அன்று மறுபடி ரத்தப் பரிசோதனை. அதன் பிறகும் முழு நாள் உட்கார முடியாது. ஞாயிறு முதல் தினம் அரை நாள் என்று வைத்தால், மூன்று நாள் வேலைக்கு ஆறு நாள். அதாவது, அடுத்த வெள்ளி.

நான் ‘திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்’ என்று எழுதத்தான் நினைத்திருந்தேன். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை. “திங்கள்னு சொல்லி, திங்கள் சாயங்காலம் இன்னொரு தடவை கேட்டா, முதல் தடவை சொன்னதையும் நம்ப மாட்டாங்க” என்றார் அக்கா.

கடைசியில் அனுப்பிய மெயில் இதுதான். சப்ஜெக்ட்: ‘ஏரித் தொடர்: 4, 5-ம் பாகங்களுக்கு அவகாசம் கோரி’.

“வணக்கம் சார். உடல்நலக் குறைவால் ஞாயிறு முதல் மருத்துவமனையில் இருந்தேன். இன்று வீடு திரும்பினேன். சனிக்கிழமை வரை ஓய்வெடுக்க மருத்துவர் கூறியிருக்கிறார். முதல் மூன்று பாகங்கள் தயார். அவற்றை வெள்ளிக்கிழமையே தருகிறேன். நான்காம் பாகத்தைத் திங்கள் மாலையும், ஐந்தாம் பாகத்தை அடுத்த வெள்ளி மாலையும் தர அனுமதி வேண்டுகிறேன். தேவைப்பட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியை அனுப்புகிறேன். நன்றி.”

என்ன நோய் என்றுகூட எழுதவில்லை. அவர் முடிவெடுக்க அது தேவைப்படவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது, கையில் என்ன இருக்கிறது, மீதி எப்போது வரும் என்ற இரண்டும்தான். புதன் இரவே அனுப்பியதால் மாற்று ஏற்பாட்டுக்கு அவருக்கு முழுதாக ஒரு நாள் இருந்தது. அதையே வெள்ளி மாலை அனுப்பியிருந்தால், அவருக்கு வெறும் தகவலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் காலை பதில் வந்தது. “சரி. திங்கள் முதல் தினம் ஒன்று போடலாம். ஐந்தாவது சனிக்கிழமை வரட்டும். உடம்பைப் பார்த்துக்கொள்.” அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் முதல் மெயிலில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கேட்காமலே வந்தது.

ஒரு தவறும் செய்தேன். தொடருக்குப் படம் வரையும் டிசைனரை அந்த மெயிலில் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மதியம் வரை அவர் ஐந்து பாகங்களும் வரும் என்று மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தார். “எனக்கும் ஒரு வரி போட்டிருக்கலாமே” என்றார். கோபம் இல்லை, அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. தேதி மாறினால், அந்தத் தேதியை நம்பியிருக்கும் எல்லோருக்கும் மாறுகிறது.

ஐந்தாம் பாகத்துக்கு ஏரிக்கரைக்குப் போக உடம்பு இடம் தரவில்லை. அங்கிருந்த ஒரு விவசாயியிடம் போனில் பேசி எழுதினேன். அடுத்த வெள்ளி மாலை நாலு மணிக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை காலை அம்மாதான் எழுப்பி, மொபைலில் காட்டினார். என் பெயருக்கு மேலே, ஏரி நிறையத் தண்ணீர் இருந்தது.