ஈரத்துக்கு ஒரு தடவைதான் கழிவு

வேலந்தாவளம்
16-2-2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமன் எழுதுவது. அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அடுத்த முறை தவறாமல் சொல். பருத்தி எடுக்கக் குனிந்து குனிந்துதான் அது இப்படி ஆனது.

நீ ஃபோனில் அனுப்பிய பில்லின் படத்தை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஃபோனில் பேசினால் உனக்குக் கோபம் வரும், எனக்கும் வரும், கணக்கு பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். ஜின்னிங் மில்லில் இருபத்தோரு வருஷம் சாம்பிள் பார்த்தவன் நான். நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். ஈரத்துக்குப் பிடித்தது நியாயமா, தூசிக்குப் பிடித்தது நியாயமா என்றுதானே கேட்டாய்? ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாக இருக்கலாம். ஆனால் உன் பில்லில் ஈரத்துக்கு இரண்டு தடவை பிடித்திருக்கிறார்கள்.

பில்லை எடுத்து வைத்துக்கொண்டு படி. மேல் வரியில் ஈரம் 11 என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் விலை 7,866 ரூபாய் 70 காசு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நீ கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. இந்த 2025-26 பருவத்துக்கு நீண்ட இழைப் பருத்திக்கு மத்திய அரசு வைத்த ஆதார விலை குவிண்டால் 8,110 ரூபாய். அது 8 சதவீத ஈரம் உள்ள பருத்திக்கு. இந்தியப் பருத்திக் கழகம் வாங்கும் இடங்களில் 8-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் விலையில் ஒரு சதவீதம், அதாவது 81 ரூபாய் 10 காசு, குறையும். 9 என்றால் 8,028.90. 10 என்றால் 7,947.80. 11 என்றால் உன் பில்லில் உள்ள அதே 7,866.70. 12-ஐத் தாண்டினால் அவர்கள் வாங்கவே மாட்டார்கள். நீ கொண்டுபோன இடம் தனியார் யார்டுதான் என்றாலும், "சர்க்கார் கணக்கிலேயே போட்டுத் தருகிறோம்" என்று சொல்லி இந்த விலையை வைத்திருக்கிறார்கள். ஆக, மூன்று சதவீத ஈரத்துக்கான கழிவு விலையிலேயே முடிந்துவிட்டது.

இனி கீழ் வரிக்கு வா. எடை 100 கிலோ. கழிவு: ஈரம் 3, தூசி 2. நிகர எடை 95. அந்த 95-ஐ 7,866.70 விலையில் பெருக்கி, குவிண்டாலுக்கு 7,473 ரூபாய் 37 காசு உன் கணக்கில் போட்டிருக்கிறார்கள். அந்த 'ஈரம் 3' அங்கே எதற்கு? விலையில் ஏற்கெனவே கழித்த அதே மூன்று சதவீதம்தான் எடையிலும் கிலோவாக உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டால் நிகர எடை 98 கிலோ, தொகை 7,709 ரூபாய் 37 காசு. வித்தியாசம் குவிண்டாலுக்குச் சரியாக 236 ரூபாய். நீ போட்டது 14 குவிண்டால். 3,304 ரூபாய் போய்விட்டது மாப்பிள்ளை. அக்கா ஒரு மாசம் காட்டில் நின்ற காசு அது.

ஈரத்துக்குக் கழிப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. தண்ணீருக்கு யாரும் பஞ்சு விலை தரமாட்டார்கள். 11 சதவீத ஈரமுள்ள நூறு கிலோ பருத்தியில் 89 கிலோதான் காய்ந்த சரக்கு. அதையே நீ 8-க்குக் காயவைத்துக் கொண்டுபோயிருந்தால் நூறு கிலோ ஏறக்குறைய 96.7 கிலோவாக வற்றியிருக்கும். அதற்கு முழு விலை 8,110 போட்டால் 7,845 ரூபாய் சொச்சம். ஈரத்தோடு கொடுத்து விலையில் கழித்தால் 7,866. பார்த்தாயா, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு சதவீதத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்த கழிவு, தண்ணீரின் எடையை விலையிலேயே தீர்த்துவிடுகிறது. அதன்மேல் எடையிலும் மூன்று கிலோ கழிப்பது உன் காய்ந்த பஞ்சையே எடுத்துக்கொள்வதுதான். அவர்களிடம் பேசும்போது இந்த ஒரு கணக்கைச் சொல். பில் எழுதுகிறவனுக்கு உடனே புரியும்.

ஒரு விஷயம், 11 என்ற அந்த எண்ணையும் அப்படியே நம்பவேண்டாம். மீட்டரின் ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறதோ அதைத்தான் அது ஈரமாகக் காட்டுகிறது. பஞ்சை இறுக்கி அமுக்கினால் எண் ஏறும், தளர்வாகப் பிடித்தால் இறங்கும். சாக்கின் மேலே ஒன்று காட்டும், நடுவில் வேறொன்று காட்டும். நான் மில்லில் இருந்தபோது ஒரு லோடுக்கு நான்கைந்து இடத்தில் குத்திச் சராசரி எடுப்போம். உன் சரக்கில் எத்தனை இடத்தில் பார்த்தார்கள் என்று நீ எழுதவில்லை. ஒரே இடத்தில் பார்த்திருந்தால் அடுத்த முறை நீ நின்று கேள். வீட்டிலேயே தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. பத்துக் கொட்டையைப் பிரித்துப் பல்லில் கடித்துப் பார். கடக்கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது, மெத்தென்று நசுங்கினால் ஈரம். பஞ்சு கைக்கு உலர்ந்த மாதிரிதான் இருக்கும், ஈரம் கொட்டைக்குள் இருக்கும். எடுத்த அன்று சாயங்காலமே சாக்கில் அடைத்தேன் என்றாயே, அங்கேதான் பிசகியது. இரவெல்லாம் கொட்டையின் ஈரம் வெளியேற வழியில்லாமல் பஞ்சில் ஏறியிருக்கும். அப்படியே பத்து நாள் கிடந்தால் பஞ்சு மஞ்சளடித்துவிடும். மஞ்சளடித்த பஞ்சைக் கொட்டு ரகத்தோடு சேர்த்துவிடுவார்கள், அதன்பிறகு எந்தக் கணக்கும் உன்னைக் காப்பாற்றாது.

தூசிக்கு வருகிறேன். அந்த 2 கிலோ சரியா தப்பா என்று இங்கிருந்து என்னால் சொல்லமுடியாது. நீதான் பார்க்கவேண்டும். வீட்டில் இன்னும் இரண்டு சாக்கு கிடப்பதாகச் சொன்னாய். இரண்டிலும் மேலே, நடுவே, அடியில் என்று பல இடத்தில் கைவிட்டு மொத்தம் ஒரு கிலோ எடு. வெள்ளை வேட்டியில் பரப்பி, அக்காவை உட்காரவைத்து சருகு, காய்த்தோல், பூவடித் தோட்டின் துணுக்கு, மண், புழு தின்ற கட்டிப்பஞ்சு எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கச் சொல். பொறுக்கியதை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார். 20 கிராம் வந்தால் நூற்றுக்கு இரண்டு. அப்படியானால் அவர்கள் எடையில் கழித்தது சரி, வாயை மூடிக்கொள்வோம். 10 கிராம்தான் வந்தால் ஒரு கிலோ அதிகம் பிடித்திருக்கிறார்கள், அதையும் சேர்த்துக் கேள்.

என் மனசுக்கு 20-க்குப் பக்கத்தில்தான் வரும் என்று படுகிறது. ஆட்கள் பதினோரு மணிக்கு வந்து சாயங்காலம் வரை எடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். வெயில் ஏற ஏறக் காயைச் சுற்றியுள்ள தோடு அப்பளம் மாதிரி மொறுமொறுத்துப் போகும். விரல் பட்டதும் பொடிந்து பஞ்சில் ஒட்டும். காலையில் பனி ஈரம் இருக்கும்போது அது வளையும், உடையாது. அதனால்தான் விவசாயப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பத்துப் பதினோரு மணிக்குள் எடுத்து முடிக்கச் சொல்கிறார்கள். ஆனால் காலையில் எடுத்தால் ஈரம் கூடும், மத்தியானம் எடுத்தால் தூசி கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பருத்திக்காரன் மாட்டிக்கொள்கிறான். ஈரத்தைப் பிறகு போக்கலாம். பஞ்சுக்குள் பொடிந்த தோட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்க முடியாது. அதனால் காலையிலேயே எடு, எடுத்ததை நிழலில் மெல்லிசாகப் பரப்பிக் காயவை. நேர் வெயிலில் போடாதே, நிறம் கெடும். கொட்டை கடக்கென்று உடையும்வரை சாக்கைத் தொடாதே. புழு தின்றதையும் கறை பட்டதையும் எடுக்கும்போதே வேறு மடியில் போடச் சொல். நல்லதோடு கலந்தால் முழு லோடுக்கும் கெட்டதன் விலைதான் வரும்.

வேலந்தாவளத்தில் இன்றைக்குத் தக்காளி, காய்கறி லாரிகள்தான் நிற்கின்றன. ஆனால் இந்தச் சித்தூர்ப் பக்கத்துக் கரிசலிலும் பருத்தி வெடித்து வெள்ளையாக நின்ற காலம் உண்டு. என் அப்பா எல்லை தாண்டி வண்டி ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "எவ்வளவு பிடித்தார்கள்?" என்று அம்மா கேட்டால் "பிடித்தது போகத் தந்தார்கள்" என்பார். எங்கே பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்று அவர் கடைசிவரை அறிந்ததே இல்லை. நீ பி.காம். படித்தவன். அதே பதிலை நீயும் சொல்லக்கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

நீ பருத்திக் கழகத்துக்கு ஏன் போகவில்லை என்று எனக்குத் தெரியும். 'கபாஸ் கிசான்' செயலியில் பதிய நிலப் பத்திரம் வேண்டும், உன்னுடையது குத்தகை நிலம். அதை இந்த வருஷத்துக்குள் சரிசெய்ய முடியாது. ஆனால் மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உன் வீட்டுக்குப் பக்கம்தானே. அங்கே மறைமுக ஏலம். வியாபாரிகள் குவியலைக் கண்ணால் பார்த்து, கையால் பிரித்து, சீட்டில் விலை எழுதிப் போடுகிறார்கள். ஈரமும் தூசியும் அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிடும். விலை சில வாரம் குறைவாக வரலாம், கட்டுப்படியாகாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம். யார்டில் இறக்கிய பிறகு அது முடியாது. ஏற்று கூலி, வண்டி வாடகை என்று நம் கையைக் கட்டிவிடும்.

இல்லை, அந்த யார்டுக்கேதான் போவேன் என்றால், வண்டியை அவிழ்க்கும் முன்னே ஒரே ஒரு கேள்வி கேள்: ஈரத்துக்கு விலையில் கழிப்பீர்களா, எடையில் கழிப்பீர்களா? எதைச் சொல்கிறார்களோ அதை ஒரு சீட்டில் எழுதி வாங்கு. இரண்டிலும் என்றால் வண்டியைத் திருப்பு.

இப்போது போன 3,304 ரூபாய்க்கு வருகிறேன். பில் உன் கையில் இருக்கிறது, ஈரம் இரண்டு இடத்தில் எழுதியிருப்பது அவர்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. அதன் நகலை எடுத்துவிட்டு, அசலோடு வரும் வியாழக்கிழமை அங்கே போகலாம். நீ தனியாகப் போகாதே. நான் காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். அதற்குள் ஒரு கிலோவைப் பொறுக்கி நிறுத்து, எத்தனை கிராம் என்று எனக்கு ஃபோனில் சொல்.

உன் மாமன்