இரண்டு பேர் பெயரில் உறுதி இருந்தால், ஒருவர் மௌத்தான பிறகு வீடு யாருக்கு?



கண்டி, அக்குறணை, மடவளை பக்கம் வீடு வாங்கும் தம்பதிகள் பலர், உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதுகிறோம். "எனக்கு ஏதாவது ஆனால் வீடு முழுக்க அவளுக்கு வந்துவிடும், வேறு ஒன்றும் எழுதத் தேவையில்லை" என்ற நம்பிக்கையும் கூடவே இருக்கிறது. எங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படி நடப்பதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணம், வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள். இங்கிலாந்தில் இருவர் சேர்ந்து வீடு வாங்கினால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஜொயின்ட் டெனன்சி. அதில் தனித்தனிப் பங்கு என்று எதுவும் இல்லை. ஒருவர் இறந்தால் வீடு முழுவதும் மற்றவருக்கே போகும். இறந்தவர் வேறு விதமாக வசிய்யத் எழுதியிருந்தாலும் அது அந்த வீட்டைத் தொடாது. மற்றது டெனன்சி இன் கொமன். அதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பங்கு உண்டு, இறந்தவரின் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்.

இலங்கையில் காணிக்கு ரோமன் டச்சுச் சட்டம். அதில் கூட்டாக உள்ள சொத்து இரண்டாவது வகையைப் போலத்தான். உறுதியில் "பிரிக்கப்படாத சரிபாதி" என்று எழுதியிருக்கும். அளவு எழுதப்படாவிட்டால் சம பங்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். எஞ்சியவருக்குத் தானாக முழுவதும் சேரும் வழக்கம் அதில் இல்லை. வசிய்யத் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் பங்கை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரண சாசனமில்லா வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அவருடைய மத்ஹபின்படி பிரிக்கச் சொல்கிறது. கண்டியில் இருப்பதால் கண்டியச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். அக்குறணையில் ஒரு தம்பதி, பிள்ளைகள் இல்லை. வீடு இருவர் பெயரிலும் சரிபாதி. கணவர் மௌத்தாகிறார். அவருடைய தாய் தகப்பன் முன்பே மௌத்து. உடன்பிறந்த ஒரு நானாவும் இரண்டு தங்கைமாரும் இருக்கிறார்கள். முதலில் மையித்துச் செலவும் கடனும் கழிய வேண்டும். கொடுபடாத மஹர் இருந்தால் அதுவும் கடன்தான்.

வீட்டை 32 பங்காக வைத்துக்கொள்வோம். 16 ஏற்கனவே மனைவியுடையது, அதை யாரும் தொட முடியாது. கணவரின் 16இல், பிள்ளை இல்லாததால் மனைவிக்குக் கால் பங்கு, அதாவது 4. மீதி 12ஐ ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்தால் நானாவுக்கு 6, தங்கைமார் ஒவ்வொருவருக்கும் 3. ஆக மனைவி கையில் 20, மற்ற மூவரிடம் 12. பிள்ளைகள் இருந்திருந்தால் கணவரின் பாதியில் மனைவிக்கு எட்டில் ஒன்றுதான், அதாவது 2.

இப்போது அந்தப் பெண் வீட்டை விற்கப் போனால், வாங்குபவரின் நொத்தாரிசு மூவரின் கையெழுத்தையும் கேட்பார். நானா தன் 6 பங்கை வெளியாள் ஒருவருக்கு எழுதிக் கொடுக்கலாம், அதைத் தடுக்க முடியாது. அந்த ஆள் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். ஒரு சின்ன வீட்டைத் துண்டு போட முடியாது என்றால் நீதிமன்றம் விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லும். இத்தாவில் இருக்கும்போது யாரும் வாய் திறக்காமல் இருந்து, பத்து வருடம் கழித்து இது வருவதும் உண்டு.

மனைவிக்குக் கூரை உறுதியாக வேண்டுமென்றால் ஹயாத்தோடு இருக்கும்போதே நொத்தாரிசு உறுதி எழுத வேண்டும். கணவர் தன் பாதியை ஹிபாவாகக் கொடுக்கலாம். மேலே சொன்ன கட்டளைச் சட்டத்தின்படி, மீளப் பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதாவிட்டால் அந்த நன்கொடை அப்படிக் கருதப்படாது. அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மனைவிக்குச் சீவிய உரிமை மட்டும் எழுதலாம்: அவர் இருக்கும் வரை வீட்டில் யாரும் கை வைக்க முடியாது, பிறகு பங்கு எழுதியபடி போகும்.

ஹிபா என்ற பெயரில் உடன்பிறந்தவர்களின் ஹக்கை வேண்டுமென்றே இல்லாமலாக்குவது வேறு விஷயம். அதை ஆலிம் ஒருவரிடம் கேட்டே செய்ய வேண்டும். வசிய்யத்தை வைத்து இதைச் சரிசெய்யவும் முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் ஒரு வாரிசுக்கு வசிய்யத் செய்ய மார்க்கத்தில் இடமில்லை.

வீட்டு உறுதியை எடுத்து, இரண்டு பெயருக்கும் பக்கத்தில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று இன்றே ஒருமுறை வாசியுங்கள். விளங்காவிட்டால் நொத்தாரிசிடம் காட்டி, "நான் மௌத்தானால் என் பாதி யார் யாருக்குப் போகும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மனைவியையும் கூட உட்கார வையுங்கள்.