வலது கிளிக் வாக்கியங்கள்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளைத் தமிழில் கற்றுத்தரும் பழைய பயிற்சி வீடியோ ஒன்றைக் கோவையில் ஒரு சிறிய பயிற்சி நிலையத்தில் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். வீடியோ 2.79 பதிப்புக்கு எடுத்தது. 2019 ஜூலையில் 2.80 வெளியானதும் திரையின் முகமே மாறிவிட்டது.

ஸ்கிரிப்டில் இடப்பக்கம் திரையில் நடப்பது, வலப்பக்கம் குரல். திருத்தும் அக்கா வீடியோவை ஓடவிடவில்லை. உதவியாளர் குரல் பகுதியை மட்டும் வாசிக்க, அவர் புதிய பதிப்பில் சொன்னபடி செய்துகொண்டே போனார். "படத்தப் பாத்துட்டே செஞ்சா நம்ம கை தானாத் திருத்திக்கும். படிக்கிற பையனுக்கு அது தெரியாதுங்களே" என்றார்.

"வலது கிளிக் செய்து பொருளைத் தேர்ந்தெடுங்கள்" என்ற வரி முதலில் விழுந்தது. இப்போது தேர்வுக்கு இடது கிளிக். வலது கிளிக் செய்தால் ஒரு மெனு விரியும். தவறு உடனே தெரிந்துவிடுவதால் இதில் சிக்கலில்லை. பாதி மட்டும் உண்மையாக நிற்கும் பத்திகள்தான் வேலை வாங்குகின்றன.

3D கர்சர் பற்றிய பத்தி அப்படிப்பட்டது. புதிய பொருள் கர்சர் இருக்கும் இடத்தில்தான் தோன்றும் என்ற விளக்கம் இன்றும் சரி. கர்சரை இடது கிளிக்கால் நகர்த்துவது போய்விட்டது. இப்போது Shift அழுத்தி வலது கிளிக். அதற்குக் கீழே ஓர் எச்சரிக்கை: "தெரியாமல் கிளிக் செய்து கர்சர் நகர்ந்துவிட்டால் Shift+C அழுத்துங்கள்." Shift+C இன்றும் கர்சரை மையத்துக்குக் கொண்டுவருகிறது. ஆனால் தொடக்கத்தில் இருக்கும் கருவியோடு வேலை செய்கிறவருக்கு, வெறும் கிளிக்கில் கர்சர் நகரும் விபத்தே இப்போது இல்லை. அக்கா விளக்கத்தை அப்படியே விட்டார், செய்முறையை மாற்றினார், எச்சரிக்கையில் "தெரியாமல் கிளிக் செய்து" என்பதை மட்டும் அடித்தார். எனக்கு இது கத்தரிக்கோல் வேலையாகத் தெரியவில்லை; ஒவ்வொரு வாக்கியமும் எதற்காக எழுதப்பட்டது என்று தெரிந்தவரால்தான் முடியும்.

M விசை இன்னும் நுட்பமாக ஏமாற்றியது. அழுத்தினால் இப்போதும் ஏதோ திறக்கிறது. ஆனால் பழைய 20 லேயர் கட்டங்கள் இல்லை, கலெக்‌ஷன்களின் பட்டியல். குரலில் ஒரு வரி பிழைத்தது. அதற்கடுத்த ஐந்து வரிகள் போயின.

நகர்த்த G, சுழற்ற R, அளவு மாற்ற S. அந்தப் பகுதியில் குரலைத் தொடவே இல்லை, திரையை மட்டும் மறுபடி பதிவு செய்கிறார்கள்.

முதல்முறை திறக்கும்போதே வலது கிளிக் தேர்வை வைத்துக்கொள்ளும் வசதி புதிய பதிப்பில் உண்டே, பழைய வீடியோவையே ஓட்டலாமே என்றேன். "லேப்ல வேற சிஸ்டத்துல உக்காந்தா அந்த செட்டிங் இருக்காதுங்க" என்றார் உதவியாளர்.

குரல் கொடுப்பவர் வந்ததும் மாறிய ஒற்றை வரிகளை மட்டும் வாசிக்க மறுத்தார். பழைய குரலுக்கு நடுவில் புதிய வரி ஒட்டவைத்தது போல் கேட்கும் என்பது அவர் அனுபவம். அதனால் கர்சர் பத்தியை, மாறாத வரிகளோடு சேர்த்து முழுதாக வாசித்தார். வெட்டும் இடம் பத்தி முடிவிலுள்ள இடைவெளியில் விழுந்தது.