வீடு காலியாக இருக்கும் என்று யார் சொன்னது?

2024 நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. வங்கக் கடலில் இருந்த ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அன்று பிற்பகல் புயலாக மாறியது. ஃபெஞ்சல் என்று பெயர். மறுநாள் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கேட்டுக்கொண்டது. அது ஆணை இல்லை, அறிவுரை. அந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று அன்று எனக்குத் தெரியாது.

சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் ஒரு அலுவலகத்தில் வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலை. சனிக்கிழமையும் ஷிப்ட் உண்டு. மாலை 5 மணிக்கு எங்களுக்கு மெயில் வந்தது. அதில் மூன்றே விஷயங்கள். ஒன்று, நாளை எல்லோரும் வீட்டிலிருந்து வேலை செய்யலாம். இரண்டு, மாலையில் மின்சாரம் போக வாய்ப்பிருப்பதால் மதியம் 2 மணி ஷிப்ட் காலை 7 மணிக்கு மாற்றப்படுகிறது. மூன்று, மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் ஊழியரே பொறுப்பு. இணைப்பு கிடைக்காதவர்கள் விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதல் வரியைப் படித்ததுமே பை கட்டிவிட்டேன். என் ஹாஸ்டல் இருக்கும் தெருவில் 2023 டிசம்பர் புயலின்போது முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அம்மா வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. கடல் இல்லை, ஏரிக்கரை இல்லை, பின்னால் மலை. அதைவிடப் பத்திரமான இடம் எது? கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி நள்ளிரவில் வீடு போய்ச் சேர்ந்தேன்.

காலை 7 மணி என்றால் என்ன என்பது மறுநாள்தான் புரிந்தது.

அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். கிரிவலம் போகிறவர்களுக்காகத் தினமும் 4 மணிக்கு அடுப்பு மூட்டுவாள். எங்கள் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அண்ணனும் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும். மற்றதில் அம்மாவும், அவளது பாத்திரங்களும், மாவுத் தூக்கும். கிரைண்டர் ஓடுகிற நேரம், சட்னி அரைக்கிற நேரம், பிள்ளைகள் எழுந்து சண்டை போடுகிற நேரம் எல்லாமே 6 மணிக்கும் 9 மணிக்கும் நடுவில். அந்த நேரத்தில்தான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் குழுத் தலைவரின் அழைப்பில் இருக்க வேண்டும்.

நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் 6:40க்கு அம்மா அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் தாழ்வாரத்துக்குப் போனாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் பிளாஸ்டிக் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இட்லித் தட்டை எடுத்தாள். கிரைண்டரை அன்று போடவே இல்லை, ஆட்டுக்கல்லில் ஆட்டினாள். “உங்க ஆபீஸ்காரங்களுக்குச் சத்தம் கேக்கும்ல பாப்பா” என்றாள்.

அலுவலகத்தில் எங்களுக்கு அமைதியான அறை இருக்கிறது, கண்ணாடிக் கதவு இருக்கிறது, அதற்கு நிறுவனம் வாடகை கட்டுகிறது. அந்த அமைதியை அன்று வீட்டில் உண்டாக்கியது 58 வயதுப் பெண்ணின் கை. மெயிலில் அதற்கு ஒரு வரி இல்லை. வேலையை வீட்டுக்கு மாற்றும் எந்த அறிவிப்பும் வீடு காலியாக இருக்கிறது என்று நம்பித்தான் எழுதப்படுகிறது. ஏற்கெனவே அங்கே ஒருத்தி வேலை செய்துகொண்டிருக்கிறாள் என்றால், இரண்டு வேலைகளில் ஒன்று நகர வேண்டும். எது நகரும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

நானும் தப்பவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா எட்டிப் பார்த்து, “லீவு விட்டுட்டாங்களாம்மா? அப்ப அண்ணிக்கு ஒத்தாசையா இரு” என்றார். அண்ணன் அதே அறையில் போனில் சரக்கு வண்டிக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான். அவனிடம் யாரும் ஒத்தாசை கேட்கவில்லை.

அன்றிரவு புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. கரை கடந்தால் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் அது ஞாயிறு முழுக்க ஏறக்குறைய நகராமல் அங்கேயே நின்றது. எங்கள் பக்கம் பெரிய மழை அப்போதுதான் வந்தது. மதியத்துக்கு முன்பே கரண்ட் போய்விட்டது. அன்று மாலை, மலைக்கு அந்தப் பக்கம், நகரத்தை ஒட்டிய வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்தன. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள். வீட்டுக்குள் இருந்தவர்கள் அவர்கள். ‘பாதுகாப்பாக வீட்டிலேயே இருங்கள்’ என்று அந்த இரண்டு நாளும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். வெள்ளிக்கிழமை நான் பை கட்டியபோது பின்னால் மலை இருப்பதைத்தானே தைரியமாக நினைத்தேன்!

திங்கட்கிழமை, டிசம்பர் 2. தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் அங்கே மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை, டவர் விட்டுவிட்டு வந்தது. ஒரு முறை வந்தபோது அலுவலகத்தின் புதிய மெயில் இறங்கியது. புயலால் பாதிக்கப்பட்டவர்கள் படிவம் நிரப்பினால் அன்றைய நாள் விடுப்பில் கழியாது. படிவத்தில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சென்னை இருந்தது, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் இருந்தன. திருவண்ணாமலை இல்லை. பட்டியலை வெள்ளிக்கிழமையே தயாரித்திருக்கிறார்கள். புயல் அதற்குப் பிறகு நகர்ந்திருக்கிறது. என் கணக்கில் ஒரு நாள் விடுப்பு கழிந்தது.

ஆனாலும் எனக்கு ஒரு மெயிலாவது வந்தது. அண்ணிக்கு வந்தது சூப்பர்வைசரின் குரல் பதிவு.

அண்ணி செய்யாறு சிப்காட்டில் ஒரு காலணித் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருக்கிறாள். விடியும் முன்பே கம்பெனி பஸ் வரும். காலணியை வீட்டிலிருந்து தைக்க முடியாது. அதனால் அவளைப் போன்றவர்களுக்கான அறிவிப்பு வேறு மாதிரி இருக்கும். சனிக்கிழமைக்கு வந்தது: “பஸ் வந்தா ஏறி வந்துடுங்க.” வந்தது, போனாள். திங்களன்று பஸ் வரவில்லை. மதியம் இன்னொரு பதிவு: “இன்னைக்கு லீவு. 8ஆம் தேதி ஞாயித்துக்கிழமை வந்து ஈடு கட்டணும்.”

“ஒரு நாள் குடுத்தாங்க, ஒரு நாள் கேக்குறாங்க. நியாயம்தானே?” என்றாள் அண்ணி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சட்டம் படித்த ஒரு தோழியிடம் கேட்டபோதுதான் கணக்கு வேறு என்று தெரிந்தது.

அப்போது நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம், 1948இன் 52ஆம் பிரிவு வார விடுமுறையைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க வேண்டுமானால், அந்த ஞாயிறுக்கு முந்தைய மூன்று நாள்களில் ஒன்றிலோ பிந்தைய மூன்று நாள்களில் ஒன்றிலோ முழுநாள் விடுமுறை தர வேண்டியிருந்தது. அதை முன்கூட்டியே ஆய்வாளர் அலுவலகத்துக்குத் தெரிவித்து, தொழிற்சாலையிலும் அறிவிப்பாக ஒட்ட வேண்டியிருந்தது. 8ஆம் தேதிக்கு என்றால் 5, 6, 7 அல்லது 9, 10, 11. திங்கட்கிழமை 2ஆம் தேதி இதில் எங்குமே வராது. அதோடு, அந்தச் சட்டத்தில் வாரம் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கியது. 2ஆம் தேதி ஒரு வாரம், 8ஆம் தேதி அடுத்த வாரம். அந்த வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டினால் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். போன வாரத்து மழையைக் காட்டி இதைக் குறைக்க முடியாது.

“அப்ப திங்கக்கிழமைக்குச் சம்பளமே கிடையாதா?” என்று கேட்டாள் அண்ணி. அதற்கும் ஒரு வழி இருந்தது. அப்போது நடப்பில் இருந்த தொழில் தகராறுகள் சட்டம், இயற்கைப் பேரிடரால் வேலை தர முடியாமல் போவதையும் ‘லே ஆஃப்’ என்று கணக்கிட்டது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த நிரந்தரத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி கிடைக்க வேண்டும். ஆனால் அதே சட்டத்தின் 25ஈ பிரிவில் ஒரு நிபந்தனை: அந்த நாளில் வழக்கமான நேரத்தில் ஒரு முறையாவது வேலையிடத்துக்கு வந்து நின்றிருக்க வேண்டும். வராதவருக்கு அது கிடையாது.

இதை நான் சொன்னதும் அண்ணி சிரித்துவிட்டாள். “பஸ்ஸே வரல. நான் நீந்திப் போயா நிக்கிறது?”

அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒரு ஆண் தொழிலாளியை நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கம்பெனி பஸ்ஸை மட்டுமே நம்பி விடியும் முன் சாலையில் நிற்கும் பெண் அவர்கள் மனதில் இல்லை. பஸ்ஸை அனுப்பாதது நிறுவனம். வரவில்லை என்று ஆவது அவள். இதற்கு ஒரே சிறு காப்பு, சான்று. நிறுத்தத்தில் நின்ற நேரம், பஸ் வரவில்லை என்று அனுப்பிய செய்தி, ‘இன்னைக்கு லீவு’ என்ற குரல் பதிவு. வேலை இல்லை என்று சொன்னது அவர்கள்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அண்ணி வழக்கமாக சூப்பர்வைசரின் பதிவுகளைக் கேட்டதும் அழித்துவிடுவாள். இதை வைத்துக்கொண்டாள்.

8ஆம் தேதி அண்ணி வேலைக்குப் போனாள். போகாமல் இருக்க முடியாது. ஆனால் அவளும் அதே பஸ்ஸில் வரும் நான்கு பெண்களும் சேர்ந்து, மாற்று விடுமுறை எந்தத் தேதி என்று எழுத்தில் கேட்டார்கள். பதில் வரவில்லை. அடுத்த புதன்கிழமை ‘வேணும்னா லீவு எடுத்துக்குங்க’ என்று வாயால் சொன்னார்களாம். எழுதித் தரவில்லை, எடுத்துக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. கார்த்திகை தீபம் 13ஆம் தேதி. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில்தான் அவளுக்கு வருஷத்தின் நல்ல வியாபாரம். மண் சரிந்ததால் அந்த ஆண்டு தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. வேலை நேரத்தை மாற்றியதாக அவளுக்குச் சொல்ல ஆள் இல்லை, பாதிச் சம்பளம் கேட்கவும் ஆள் இல்லை. மூன்று நாள் மாவு புளித்துப்போனது. அதைத் தோசையாக வார்த்து எங்களுக்கே போட்டாள்.

செவ்வாய்க்கிழமை கரண்ட் வந்தது. அன்றும் எனக்கு 7 மணி ஷிப்ட். 6:40க்கு அம்மா அடுப்பைத் தூக்கப் போனாள். “வேணாம்மா, இங்கயே வை” என்றேன். கிரைண்டரையும் போடச் சொன்னேன். குழு அழைப்பில் தலைவர் கேட்டார், “பின்னாடி என்ன சத்தம்?”

“அம்மா வேலையில இருக்காங்க” என்றேன்.