சின்னவனாகிப் போன ஒரு தைப்பூசம்

தைப்பூசம் வந்தாலே 2023 தான் எனக்கு ஞாபகம் வரும். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

அந்த வருஷம் தை மாசம் எனக்கு மனசு சரியில்ல. தெம்பனிஸ்ல நான் வேலை பார்க்குற பேக்டரியில இருபது வருஷத்துக்கு மேல சூப்பர்வைசர். மேல ஒரு பதவி காலியாச்சு. என் மகன் வயசுப் பையன் ஒருத்தனை அதுல போட்டாங்க. பேக்கிங் லைன்ல ஒரு சென்சார் இருக்கு. தூசி படிஞ்சா நல்ல பெட்டியையும் வெளிய தள்ளிவிடும். அந்தப் பையனுக்கு அது தெரியல, காரணம் புரியாம தவிச்சான். எனக்குத் தெரியும். மூணு வாரம் வாயைத் திறக்கல. தவிக்கட்டும்னு இருந்தேன்.

2021, 2022 ரெண்டு வருஷமும் கோவிட்டால ஊர்வலம் கிடையாது. நேரம் முன்பதிவு செஞ்சு டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்கு மட்டும் போனோம். அதே முருகன், அதே பால். ஆனா வரிசையில நின்னப்ப என் முறை எப்ப, எத்தனை மணிக்கு வீடு திரும்பலாம்னுதான் நினைச்சேன்.

2023 பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை. ஊர்வலம் திரும்ப வந்துச்சு. நான் தண்ணீர்ப் பந்தல்ல தொண்டூழியர். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில்ல இருந்து டேங்க் ரோடு வரைக்கும் மூணு கிலோமீட்டருக்கு மேல நடை. குனிஞ்சு கப்புல தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தவன், ஒரு தடவை நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தேன். மஞ்சள் துணியும் பால்குடமும் கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும். நடுவுல காவடிகள் ஆடி ஆடி வருது. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு.

சின்ன வயசுலேர்ந்து பார்க்குற கூட்டம்தானே, ஏன் இப்படி ஆச்சுன்னு பிறகு யோசிச்சேன். மனசை ஆராயுறவங்க பிரமிப்புக்கு ரெண்டு விஷயம் வேணும்னு சொல்றாங்க. எதிர்ல இருக்குறது பெருசா இருக்கணும். நம்ம மனசுல இருக்குற அளவுக்குள்ள அது அடங்காம, அந்த அளவையே மாத்த வைக்கணும். ரெண்டு வருஷம் வெறும் ரோட்டைப் பார்த்து என் அளவு சுருங்கிப் போயிருந்துச்சு. அன்னைக்குப் பார்த்தது அதுக்குள்ள அடங்கல.

அப்ப ஒரு பாட்டி தண்ணி வாங்கிக்கிட்டு, "தம்பி, குடம் சாயுதான்னு பாருப்பா"ன்னாங்க. கைகொடுத்து நேரா வச்சேன். நான் யாரு, என்ன பதவின்னு அவங்களுக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்ல. அந்தக் கூட்டத்துல நான் ஒரு புள்ளி. அது எனக்கு வலிக்கவே இல்ல. அதுதான் ஆச்சரியம். ஆபீஸ்ல என்னைச் சின்னவனாக்கினப்ப அப்படி எரிஞ்சுச்சே!

பிறகு என் மகள் ஒரு ஆய்வைப் படிச்சுக் காட்டினா. 2017ல வெளிவந்தது. கலிபோர்னியாவுல யோசெமிட்டி மலைப்பள்ளத்தாக்குக்கு வந்தவங்ககிட்ட தாளைக் கொடுத்து தன்னையே வரையச் சொன்னாங்களாம். சான் பிரான்சிஸ்கோ கடலோரக் கடைத்தெருவுக்கு வந்தவங்களைவிட, மலையைப் பார்த்தவங்க தன்னைச் சின்னதா வரைஞ்சாங்க. ஆனா பிரமிப்புல தன் மதிப்பு குறைஞ்சதா அவங்களுக்குத் தோணலை. அவமானத்துல உருவமும் மதிப்பும் சேர்ந்து கீழ இறங்குது. பிரமிப்புல உருவம் மட்டும்தான் சுருங்குது. எனக்கு நடந்ததும் இதுதான்.

எல்லாக் கூட்டமும் இதைச் செய்யாது, அதையும் சொல்லிடணும். ஒரு சதுர மீட்டருக்குள்ள அஞ்சு பேருக்கு மேல நெருங்கிட்டா நாம நடக்க மாட்டோம், கூட்டம்தான் நம்மைத் தள்ளிக்கிட்டுப் போகும். ஆளுங்க கையைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால மடக்கி வச்சா, அங்க இருக்குறது பயம், பிரமிப்பு இல்ல. தொண்டூழியர்கள் நாம அதைத்தான் கவனிக்கணும். கையைச் சுதந்திரமா வீச இடம் இருந்தாத்தான் மனுஷன் தலையை நிமிர்த்தி சுத்திப் பார்ப்பான்.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஷிப்ட். நேரா அந்தப் பையன்கிட்ட போய், "சென்சாரைத் துடைச்சுப் பாருங்க தம்பி"ன்னு சொன்னேன். பத்து நிமிஷ வேலை. லைன் சரியாச்சு. "எப்படிண்ணே தெரியும்?"னு கேட்டான். ரொம்ப நாளா தெரியும்னு உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ரெண்டு கோப்பி வாங்கிட்டு வந்தான்.

நான் திருந்திட்டேன்னு பெருமைக்கு எழுதல. வியாழக்கிழமைக்குள்ள பழைய புலம்பல் திரும்ப வந்துடுச்சு, வீட்டுக்காரம்மாவைக் கேட்டா சொல்வாங்க. அந்த உணர்வு நிக்காது. ஆனா அது இருக்கும்போது சொன்ன ஒரு வார்த்தை நின்னுடுச்சு. அந்தப் பையன் இன்னைக்கும் என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுறான்.

இந்த வருஷமும் பந்தல்ல இருப்பேன். நடந்து வர்றவங்க தாகத்துக்கு நின்னுட்டுப் போங்க.

வேலும் மயிலும் துணை.