வால் வெட்டும் இடம்

பருத்தித்துறையில் கடலைப் பார்த்த ஒரு மாடிவீடு. கமரா பொருத்த வந்த இரண்டு பேரோடு ஒரு பகல் அங்கே இருந்தேன். ஏணியில் நடந்த வேலையை விட, கீழே கேபிள் முனையில் பிளக் போட்ட வேலைதான் என்னைப் பிடித்து வைத்தது.

அவர்கள் போடுவது ‘பாஸ் த்ரூ’ பிளக். வயர்கள் அதன் மூக்கு வழியாக வெளியே வந்துவிடும். ‘கேட் 6’ வயர் தடிப்பானது என்பதால் உள்ளே ‘லோட் பார்’ என்ற சிறு பிளாஸ்டிக் துண்டும் உண்டு. அதன் துளைகள் மேலும் கீழுமாக எட்டு வயரையும் இடம் மாறாமல் பிடிக்கும். மூத்தவர் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கவில்லை. வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம் என்று அடுக்கி, முனைகளைச் சாய்வாக நறுக்கினார். நீளமான வயர் முதலில் துளையைப் பிடிக்க, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. பிறகு வெளியே வந்த வால்களைப் பிடித்து இழுத்தார். கேபிளின் மேலுறை பிளக்கின் அமுக்கியைத் தாண்டி உள்ளே வரும்வரை இழுக்க வேண்டும். உறை வெளியே நின்றால் கேபிளின் பாரம் முழுக்க வயர்களில்தான் விழும்.

இளையவர் போட்ட பிளக்கை டெஸ்டரில் குத்தினார்கள். இரண்டாம், மூன்றாம் விளக்குகள் சேர்ந்து மங்கலாக எரிந்தன.

“மூக்கைப் பார் தம்பி, வெட்டு சரியாப் படேல்ல,” என்றார் மூத்தவர்.

கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தோம். பாஸ் த்ரூ பிளக்குக்கான கிரிம்பர் ஊசிகளை அழுத்தும்போதே வால்களையும் வெட்டும். அலகு மழுங்கியிருந்ததால் செம்பு அறுபடாமல் இழுபட்டு, செம்மஞ்சள் வயரின் முனையிலிருந்து ஒரு மயிரிழை பக்கத்து வயரைத் தொட்டிருந்தது. கேபிள் வழியே கமராவுக்கு மின்சாரம் போகும் முறைகளில் ஒன்றில் 1, 2 ஒரு முனை, 3, 6 எதிர்முனை. இரண்டும் மூன்றும் தொட்டால் அதுவே ஷார்ட். சுவிட்ச் முதலில் மறுமுனையில் ஏறத்தாழ 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்த்துத்தான் 48 வோல்ட் அளவில் கொடுக்கும் என்பதால் எதுவும் எரியாது. கமராதான் எழும்பாது.

சாதாரணக் கிரிம்பரால் அழுத்திவிட்டு வாலைக் கத்தியால் சீவுவோரும் உண்டு. அதில் முனை துருத்தி நிற்கும், பிளக் முழுதாக உட்காராது, ‘கிளிக்’ சத்தமும் வராது. எனக்குக் கத்தி வேலை அறவே பிடிக்கவில்லை. ஆனால் கிரிம்பரால் நேராக வெட்டினாலும் செம்பு மூக்கில் வெறுமனே நிற்கிறது. உப்புக்காற்று அடிக்கும் இந்த ஊரில் அந்த முனைதான் முதலில் பச்சை பிடிக்கும். அதனால் மாடியில் உள்ள இணைப்பை மூடிய பெட்டிக்குள்தான் வைக்கிறார்கள்.

இளையவர் அலகை மாற்றினார். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, சுவரோரம் சுருட்டி விட்டிருந்த உபரிக் கேபிளிலிருந்து கொஞ்சம் இழுத்து, புதிதாக உரிக்கத் தொடங்கினார்.